போன மதிப்பெண் எங்கே போனது?

குறுவினா விடைத்தாளில் மதிப்பெண் குறைந்ததற்கான காரணத்தை மாணவருக்கு விளக்கும் கடிதம் பெரும்பாலும் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். எந்தக் கேள்வியில், எந்தச் சொல் அல்லது எந்தப் படி இல்லாததால் மதிப்பெண் போனது என்பதை அது சொல்ல வேண்டும். மாணவருக்கு விடை தெரியாமல் போனதா, தெரிந்தும் தாளில் வரவில்லையா என்பதையும் அது பிரித்துக் காட்ட வேண்டும். இரண்டுக்கும் மருந்து வேறு. முதலாமவர் பாடத்தைத் திரும்பப் படிக்க வேண்டும். இரண்டாமவர் எழுதிப் பழக வேண்டும்.

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு அறிவியல் பொதுத்தேர்வில் எழுத்துத் தேர்வுக்கு 75 மதிப்பெண். அதில் இரண்டு மதிப்பெண் வினாக்கள் பத்துக் கொடுக்கப்பட்டு, ஏழுக்கு விடை கேட்கப்படும். மொத்தம் 14 மதிப்பெண். இந்த வினாக்களைத் திருத்துபவர் கையில் விடைக்குறிப்பு இருக்கும். ஒவ்வொரு விடையிலும் இருக்க வேண்டிய கருத்துகளும் அவற்றுக்கான மதிப்பெண்ணும் அதில் பிரித்துத் தரப்பட்டிருக்கும். இரண்டு மதிப்பெண் என்றால் பெரும்பாலும் இரண்டு கருத்துகள். ஒன்று விடுபட்டாலே பாதி போய்விடும். நெடுவினாவில் ஒரு குறையை மற்ற வரிகள் ஈடுகட்டக்கூடும். குறுவினாவில் அதற்கு இடமில்லை.

பள்ளித் திருப்புதல் தேர்வு ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ஐந்து குறுவினாக்கள், பத்து மதிப்பெண். மாணவி பெற்றது மூன்று.

முதல் வினா, ஓம் விதியைக் கூறுக. மாணவி எழுதியது: “V = IR. மின்னழுத்த வேறுபாடு எத்தனை மடங்கு கூடுகிறதோ, மின்னோட்டமும் அத்தனை மடங்கு கூடும்.” தொடர்பு சரி, ஒரு மதிப்பெண் கிடைத்தது. “மாறா வெப்பநிலையில்” என்ற நிபந்தனை இல்லாததால் மற்றொன்று போனது. இங்கே “விடை முழுமையாக இல்லை” என்று மட்டும் எழுதினால், மாணவி அந்தச் சொல்லை மனப்பாடத்தில் சேர்த்துக்கொள்வதோடு நின்றுவிடுவார். நிபந்தனை ஏன் வேண்டும் என்பதை இரண்டு வரியில் சொல்வதே பயன்படும்: “குண்டு பல்பின் டங்ஸ்டன் இழை ஒளிரும்போது அதன் மின்தடை, குளிர்ந்திருந்ததைப் போல ஏறத்தாழ பத்து மடங்காகிறது. அப்போது மின்னழுத்தத்தை இரு மடங்காக்கினாலும் மின்னோட்டம் இரு மடங்காகாது. வெப்பநிலை மாறாதபோதுதான் நீ எழுதிய வரி உண்மை.”

இரண்டாம் வினா, தமனியையும் சிரையையும் வேறுபடுத்துக. மாணவி தமனியின் சுவர் தடித்தது, சிரையின் சுவர் மெல்லியது என்று எழுதியதற்கு ஒரு மதிப்பெண். அடுத்த வரியில், தமனி உடலில் ஆழமாக அமைந்திருக்கும், சிரையில் வால்வுகள் உண்டு என்று எழுதியிருந்தார். இரண்டு செய்திகளும் பாடத்தில் உள்ளவைதான். ஆனால் ஒன்று அமைவிடத்தைப் பற்றியது, மற்றது வால்வைப் பற்றியது. வேறுபடுத்துக என்றால் ஒரே பண்பை இருபுறமும் வைத்துப் பார்க்க வேண்டும். சிரையில் வால்வு உண்டு என்றால், தமனியின் உட்புறத்தில் வால்வு இல்லை என்பதே அதற்கு எதிர்வரி. கடிதம் இங்கே சொல்ல வேண்டிய செயல் எளிது: நடுவில் கோடு போட்டு, இடது ஓரத்தில் பண்பின் பெயரை முதலில் எழுதிவிட்டுப் பிறகு இருபுறமும் நிரப்புவது.

மூன்றாம் வினா, 4 கிலோகிராம் நிறையுள்ள பொருளின் உந்தம் 20 கிகி மீ/வி எனில் அதன் திசைவேகம் என்ன? மாணவி “0.2” என்று மட்டும் எழுதியிருந்தார். சரியான விடை 20-ஐ 4-ஆல் வகுத்தால் வரும் 5 மீ/வி. மாணவி 4-ஐ 20-ஆல் வகுத்திருக்கிறார் என்பது எண்ணைப் பார்த்தாலே தெரிகிறது. ஏன் அப்படி வகுத்தார் என்பது தெரியவில்லை. சூத்திரத்தைத் தலைகீழாக நினைவில் வைத்திருந்தாரா, அவசரத்தில் எண்களை மாற்றிப் போட்டாரா என்பதை அறியத் தாளில் வழியில்லை. p = mv என்று ஒரு வரி இருந்திருந்தால் சூத்திரத்துக்கான மதிப்பெண் கிடைத்திருக்கும்; தவறு எந்த இடத்தில் நேர்ந்தது என்பதும் தெரிந்திருக்கும். இத்தகைய இடத்தில் கடிதம் ஊகித்துக் குறை சொல்லக் கூடாது; “இந்த விடைக்கு எப்படி வந்தாய் என்று எழுதிக் காட்டு” என்று கேட்க வேண்டும்.

நான்காம் வினா, ரயில் தண்டவாளங்களுக்கு இடையே இடைவெளி விடுவது ஏன்? “வெயிலில் இரும்பு விரிவடையும்” என்ற விடைக்கு ஒரு மதிப்பெண். விரிவடைவது காரணத்தின் முதல் பாதி. இடைவெளி இல்லாவிட்டால் விரியும் தண்டவாளங்கள் ஒன்றையொன்று தள்ளி வளைந்துவிடும் என்பது மறுபாதி. காரண வினாவுக்கு விடை எழுதியதும் “அதனால் என்ன?” என்று தன்னையே ஒருமுறை கேட்டுக்கொண்டால், விடுபட்ட வரி தானாக வந்து நிற்கும்.

ஐந்தாம் வினா, கிட்டப்பார்வையைச் சரிசெய்யும் லென்சு எது, ஏன்? மாணவி எதுவும் எழுதவில்லை.

இப்போது கணக்கு தெளிவாகிறது. போன ஏழு மதிப்பெண்ணில், பாடம் தெரியாமல் போனதாகக் கொள்ளக்கூடியது ஐந்தாம் வினாவின் இரண்டுதான். மூன்றாம் வினாவின் இரண்டுக்குக் காரணம் இன்னும் தெரியவில்லை. மற்ற மூன்றும் பாதி எழுதிப் பாதியை விட்டதால் போனவை. “பத்துக்கு மூன்று, நன்றாகப் படிக்கவும்” என்ற குறிப்பு இந்த மாணவியை மொத்தப் பாடத்தையும் மறுபடி படிக்க வைக்கும். எழுதும் முறை அப்படியே இருக்கும்.

கடிதத்தில் மதிப்பெண்ணை எங்கே வைப்பது என்பதும் யோசிக்க வேண்டியது. ரூத் பட்லர் 1988-இல் வெளியிட்ட ஆய்வில், குறிப்பு மட்டும் பெற்ற பள்ளி மாணவர்கள் அடுத்த பணியில் முன்னேறினர். மதிப்பெண்ணும் குறிப்பும் சேர்த்துப் பெற்றவர்களிடம் அந்த முன்னேற்றம் தென்படவில்லை. எண்ணைப் பார்த்ததும் கவனம் அதிலேயே நின்றுவிடுகிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம். ஆகவே கடிதத்தை முதலில் கொடுத்து, மாணவர் விடைகளைத் திருத்தி எழுதிய பின் மதிப்பெண்ணைச் சொல்லும் ஆசிரியர்களும் உண்டு.

மாதிரி விடைகளை முழுமையாக எழுதித் தருவது உதவி போலத் தோன்றும். ஆனால் மாணவர் அவற்றைப் பார்த்து எழுதி முடித்துவிடுவார். குறை இருக்கும் இடத்தைக் காட்டி, நிரப்பும் வேலையை மாணவரிடம் விடுவதே மேல். விடைக்குறிப்பும் எல்லா இடத்திலும் இறுதியானது அல்ல. அதே கருத்தை வேறு சொற்களில் எழுதியிருந்தால் மதிப்பெண் உண்டு. அப்படி ஒன்று திருத்துபவர் கண்ணில் தப்பியிருந்தால், கடிதம் எழுதும்போதே மதிப்பெண்ணைத் திருத்தி, அதை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும்.

கடிதம் பலித்ததா என்பதை அதே வினாவைத் திரும்பக் கேட்டு அறிய முடியாது. திருத்திய வரி நினைவிலிருந்து வந்துவிடும். அதே வகையில் வேறு வினா வேண்டும். ஓம் விதியில் நிபந்தனையை விட்டவரிடம் பாயில் விதியைக் கேட்கலாம். குறிப்பிட்ட நிறையுள்ள வாயு, மாறா வெப்பநிலை என்ற இரண்டு நிபந்தனைகள் அதில் உண்டு. யாரும் நினைவூட்டாமல் அவை விடைத்தாளில் வந்துவிட்டால், கடிதம் சொன்னது மாணவியின் எழுத்தில் இறங்கியிருக்கிறது.