உண்மை அல்ல, உண்மை அன்று

முதலாண்டு மாணவர் ஒருவர் தேர்வில் 'இது உண்மை அல்ல' என்று எழுதியிருந்தார். ஆசிரியர் 'அல்ல'வைச் சிவப்பு மையால் சுழித்து, மேலே 'அன்று' என்று திருத்தியிருந்தார். மாணவருக்கு மனம் ஆறவில்லை. "பேப்பர்ல எல்லாம் இப்படித்தானே சார் எழுதுறாங்க?" என்று விடைத்தாளோடு என்னிடம் வந்தார். அவர் கேட்டது நியாயம். ஆசிரியர் திருத்தியதும் சரி.

ஆசிரியர் கைக்கொண்டது விதிமுறை இலக்கணம். எப்படி எழுத வேண்டும் என்று அது சொல்லும். அதன்படி இந்தச் சொல் எழுவாய்க்கு ஏற்ப மாறும்: நான் அல்லேன், அவன் அல்லன், அவள் அல்லள், அவர் அல்லர், அது அன்று, அவை அல்ல. 'இது' ஒருமை என்பதால் 'அன்று' வர வேண்டும்.

மாணவர் தம்மை அறியாமலே நின்றது விளக்கமுறை இலக்கணத்தின் பக்கம். மக்கள் உண்மையில் எப்படிப் பேசுகிறார்கள், எழுதுகிறார்கள் என்று கவனித்து, அதில் உள்ள ஒழுங்கை எடுத்துச் சொல்வது அதன் வேலை. இன்றைய எழுத்தில் 'அவர் குற்றவாளி அல்ல', 'இது முதல்முறை அல்ல' என்று 'அல்ல' எல்லாவற்றுக்கும் பொதுவாகிவிட்டதை அது குறித்துக்கொள்ளும். பேச்சுக்கு வந்தால் 'அல்ல'வே காணோம். "இது என் பேனா இல்ல" என்கிறோம். "பையில பேனா இல்ல" என்றும் சொல்கிறோம். முதலாவதில் பேனா இருக்கிறது, ஆனால் என்னுடையதில்லை. இரண்டாவதில் பேனாவே கிடையாது. இரண்டு வேலையையும் பேச்சில் ஒரே சொல் பார்க்கிறது.

அப்படியானால் எப்படிப் பேசினாலும் சரியா? இந்த இடத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். "அண்ணன் நாளைக்கு வரமாட்டான்" என்போம். "பஸ் நாளைக்கு வராது" என்போம். "பஸ் வரமாட்டான்" என்று குழந்தை சொன்னால்கூட வீட்டில் சிரித்துத் திருத்துவார்கள். "நேத்து வரமாட்டான்" என்றும் யாரும் சொல்வதில்லை. "நேத்து வரல" என்பார்கள். திணையும் காலமும் பள்ளிக்கூடம் போகாத பாட்டியின் பேச்சிலும் பிசகுவதில்லை. விளக்கமுறை இலக்கணம் தேடுவது இந்த எழுதாத விதிகளைத்தான்.

விதிகளைத் தொகுத்த நன்னூலாரே, பழையது கழிவதும் புதியது புகுவதும் குற்றமில்லை என்று இடம் கொடுத்திருக்கிறார். ஆனாலும் தேர்வுத்தாளில் 'அன்று' என்றே எழுதுங்கள். அங்கே அளக்கப்படுவது விதியறிவு. பேச்சை ஆராயும் கட்டுரையில் அதே திருத்தத்தைச் செய்தால், ஆராய வந்த பொருளையே அழித்துவிடுவீர்கள்.

அடுத்த வகுப்புக்கு, வீட்டில் காதில் விழும் 'இல்ல' வாக்கியங்கள் இருபதை எழுதி வாருங்கள். கேட்டது கேட்டபடி இருக்கட்டும். ஓர் எழுத்தையும் திருத்த வேண்டாம்.