பழைய டிஸ்க், புது கன்சோல்: எப்போது மறுபடி காசு?

'ரெட் டெட் ரிடெம்ப்ஷன்' கேம் 2010-இல் வந்தபோது இரண்டு நண்பர்கள் அதை வாங்கியதாக வைத்துக்கொள்வோம். ஒருவரிடம் பிளேஸ்டேஷன் 3, இன்னொருவரிடம் எக்ஸ்பாக்ஸ் 360. இப்போது முதலாமவர் வீட்டில் பிளேஸ்டேஷன் 5 இருக்கிறது, மற்றவர் வீட்டில் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ். இருவரும் அந்தப் பழைய டிஸ்க்கைத் தூசி தட்டிப் போடுகிறார்கள். எக்ஸ்பாக்ஸ்காரர் பைசா செலவில்லாமல் ஆடலாம். பிளேஸ்டேஷன்காரர் அதே கேமை மறுபடி காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

காரணம் கன்சோலின் மூளையில் இருக்கிறது. பிளேஸ்டேஷன் 3-இல் இருந்தது 'செல்' என்ற விசித்திரமான பிராசசர். ஒரு முக்கிய மையமும், அதைச் சுற்றிக் கணக்குப் போட்டுத் தள்ளும் பல துணை மையங்களும் கொண்டது. கேம்களை அதற்கென்றே எழுதினார்கள். 2013-இல் வந்த பிளேஸ்டேஷன் 4, சாதாரண கம்ப்யூட்டர்களில் இருக்கும் வகைச் சிப்புக்கு மாறிவிட்டது. பிளேஸ்டேஷன் 5-உம் அதே வகைதான். அதனால் பி.எஸ்.4 கேம்களில் மிகச் சில தவிர எல்லாமே பி.எஸ்.5-இல் ஓடும், பி.எஸ்.3 டிஸ்க் ஒன்றுகூட ஓடாது.

எக்ஸ்பாக்ஸ் 360-இன் சிப்பும் இன்றைய சிப்பிலிருந்து வேறுபட்டதுதான். ஆனால் 360 போலவே நடிக்கும் ஒரு மென்பொருளை மைக்ரோசாஃப்ட் எழுதி, 2015 நவம்பரில் வெளியிட்டது. இங்கே பலருக்கும் தெரியாத ஒரு சங்கதி: சீரிஸ் எக்ஸில் பழைய டிஸ்க்கைப் போட்டால், கேம் அந்த டிஸ்க்கிலிருந்து ஓடுவதில்லை. கன்சோல் டிஸ்க்கைப் பார்த்து, இது அனுமதிப் பட்டியலில் உண்டா என்று சரிபார்க்கிறது. இருந்தால், புது கன்சோலுக்கென மாற்றிக் கட்டிய முழு கேமையும் இணையத்திலிருந்து இறக்குகிறது. டிஸ்க் வெறும் அத்தாட்சி. ஆனால் அத்தாட்சியை ஒருமுறை காட்டினால் போதாது. ஆடும்போதெல்லாம் டிஸ்க் உள்ளேயே இருக்க வேண்டும். டிஸ்க் டிரைவ் இல்லாத சீரிஸ் எஸ் வைத்திருப்பவருக்கு இந்த வழியே கிடையாது. அவர் முன்பு அதே கேமை டிஜிட்டலாக வாங்கியிருந்தால் மட்டும், பழைய கணக்கில் நுழைந்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

பழைய சேவ்களையும் கொண்டுவரலாம். 360 இன்னும் உயிரோடு இருந்தால், அதில் கிளவுட் சேமிப்பை இயக்கி, சேவ் கோப்பை அங்கே ஏற்றிவிட்டு, புது கன்சோலில் அதே கணக்கில் நுழைந்தால் போதும்.

பட்டியலில் இல்லாத டிஸ்க்கைப் போட்டால், இங்கே ஆட முடியாது என்ற செய்திதான் வரும். டிஸ்க்கில் கோளாறு என்று துடைத்துத் துடைத்துப் போடுவதில் பயனில்லை. 2021 நவம்பரில் கடைசித் தொகுப்பைச் சேர்த்தபோது, உரிமம், சட்டம், தொழில்நுட்பம் ஆகியவற்றின் எல்லையைத் தொட்டுவிட்டோம் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லிவிட்டது. கேமில் வரும் பாட்டுக்கும் காருக்கும்கூட உரிமம் வேண்டும். அது காலாவதியானால் மறுபடி வெளியிட முடியாது.

சரி, பிளேஸ்டேஷன்காரர் என்ன செய்வார்? 2023 ஆகஸ்டில் ராக்ஸ்டார் நிறுவனம் ரெட் டெட் ரிடெம்ப்ஷனை பி.எஸ்.4-க்கு மாற்றி 50 டாலருக்கு விற்றது. அது பி.எஸ்.5-இலும் ஓடியது. பதிமூன்று வயதுப் பழைய கேமுக்கு அது அதிகம் என்றுதான் சொல்வேன். பலரும் அப்போதே திட்டினார்கள். பலர் சேர்ந்து ஆடும் மல்டிபிளேயர் பகுதியும் அதில் இல்லை. பிறகு அக்டோபரில் வந்த அப்டேட்டால், பி.எஸ்.5-இல் நொடிக்கு 60 ஃபிரேம் வேகத்தில் ஓடத் தொடங்கியது. காசு கொடுத்தவருக்கு அது ஒரு ஆறுதல்.

பி.எஸ்.3 கேம்களை ஸ்ட்ரீமிங்கில் ஆடும் வசதியை சோனி சில நாடுகளில் சந்தாவாகத் தருகிறது. இந்தியாவில் கிடைக்கும் பி.எஸ். பிளஸ் டீலக்ஸில் அது இல்லை.

பி.எஸ்.4 டிஸ்க் வைத்திருப்பவர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த டிஸ்க் ஓட, பி.எஸ்.5-இல் டிரைவ் இருக்க வேண்டும், பி.எஸ்.5 புரோவில் அதைத் தனியாக வாங்கிப் பொருத்த வேண்டும். சில கேம்களுக்கு பி.எஸ்.5 பதிப்பு தனியாக உண்டு. அதற்கு ஸ்டோரில் முழு விலை தெரிந்தால் உடனே வாங்கிவிடாதீர்கள். டிஸ்க்கைப் போட்டு, பி.எஸ்.4 பதிப்பை நிறுவிவிட்டு, அதே பக்கத்தைத் திறந்து பாருங்கள். இலவசமாகவோ சுமார் 10 டாலருக்கோ மேம்படுத்தும் வழி இருந்தால் அங்கே தெரியும்.

புது கன்சோல் வந்துவிட்டதே என்று பி.எஸ்.3-ஐ மட்டும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். உங்களிடம் உள்ள பி.எஸ்.3 டிஸ்க்குகள் ஓடும் ஒரே கன்சோல் அதுதான்.