“எல்லாம் போச்சு” என்பதை எப்படி அறிவிப்பது?

இணையத்தில் புடவை விற்கும் சிறிய கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமை இரவு, ஊழியர்களின் வாட்ஸ்அப் குழுவில் இப்படிப் பேச்சு ஓடுகிறது.

“அண்ணே, பேக்கப் ஃபோல்டர் பப்ளிக்ல இருக்கு. யாரு வேணும்னாலும் எடுத்துக்கலாம்!”

“ஐயோ, எப்பலேருந்து?”

“3ஆம் தேதி சர்வர் மாத்தினோம்ல, அப்பலேருந்துதான் இருக்கும். எல்லாம் போச்சு.”

“கார்டு நம்பருமா?”

“போயிருக்கும்ணே.”

“உடனே மூடு. ஃபைலை அழிச்சிடு. யாரும் பார்த்திருக்க மாட்டாங்க, வெளியே மூச்சு விடாதீங்க.”

இந்தப் பேச்சில் கண்ணால் கண்டது ஒன்றே ஒன்றுதான்: ஃபோல்டர் திறந்து கிடக்கிறது. மற்றவை அச்சமும் ஆசையும். வாடிக்கையாளருக்கு ஒரு வரி எழுதும் முன் இவற்றைப் பிரித்தாக வேண்டும். ஃபோல்டரை மூடுவது சரி. கோப்பை அழித்தால் யாருடைய விவரம் வெளியானது என்பதற்கான ஒரே சான்றும் போய்விடும். அதை ஒரு பிரதி எடுத்துப் பூட்டி வைக்க வேண்டும். சர்வரின் பதிவேட்டையும் அப்படியே.

பிறகு கோப்பைத் திறந்து பார்க்கிறார்கள். பெயர், கைபேசி எண், முகவரி, வாங்கிய புடவைகளின் பட்டியல். கார்டு எண் இல்லை. 2022 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி கடைகள் முழுக் கார்டு எண்ணைச் சேமிக்கக் கூடாது. பாஸ்வேர்டுகள் வேறு இடத்தில் பத்திரமாக இருக்கின்றன. “எல்லாம் போச்சு” இப்போது நான்கு விவரங்களாகச் சுருங்கிவிட்டது.

“யாரும் பார்த்திருக்க மாட்டாங்க” என்பதுதான் கடினமான வரி. பதிவேட்டில் அறிமுகமில்லாத முகவரியிலிருந்து இரண்டு முறை கோப்பு இறக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பதிவேடும் ஏழு நாளுக்கு மேல் தங்காது. 9ஆம் தேதிக்கு முன் நடந்தது தெரியாது. இத்தகைய இடத்தில் பல நிறுவனங்கள் “தவறாகப் பயன்படுத்தப்பட்டதற்கு ஆதாரம் இல்லை” என்று எழுதிவிடுகின்றன. பதிவேடே இல்லாதபோது அப்படி எழுதுவது வாடிக்கையாளரை ஏமாற்றுவதாகும் என்பேன். தெரியாததைத் தெரியாது என்றே எழுத வேண்டும்.

அறிவிப்பு இப்படி அமையலாம்:

“அன்புள்ள வாடிக்கையாளருக்கு, உங்கள் பெயர், கைபேசி எண், முகவரி, எங்களிடம் வாங்கிய பொருட்களின் விவரம் ஆகியவை மார்ச் 3 முதல் 15 இரவு வரை வெளியார் எடுக்கக்கூடிய நிலையில் இருந்தன. சர்வரை மாற்றியபோது நாங்கள் செய்த தவறே காரணம். 15ஆம் தேதி இரவு 11.50க்கு அதை மூடிவிட்டோம். கார்டு எண்ணும் பாஸ்வேர்டும் அந்தக் கோப்பில் இல்லை. அவற்றை மாற்றத் தேவையில்லை. வெளியார் இரண்டு முறை கோப்பை எடுத்திருக்கிறார்கள். மார்ச் 9க்கு முந்தைய பதிவுகள் இல்லாததால், அதற்கு முன் யாரேனும் எடுத்தார்களா என்று எங்களுக்குத் தெரியாது.

நீங்கள் வாங்கிய புடவையைச் சரியாகச் சொல்லி, கடையிலிருந்தோ கூரியரிலிருந்தோ பேசுவதாக யாராவது அழைக்கலாம். ஓடிபி சொல்லாதீர்கள், அவர்கள் அனுப்பும் லிங்கில் பணம் கட்டாதீர்கள். பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள். எங்களிடம் பேச, உங்கள் பில்லில் அச்சிட்டுள்ள எண்ணை அழையுங்கள். நடந்ததற்கு வருந்துகிறோம்.”

இதில் அறிவுரை முழுவதும் வெளியான விவரத்தையே ஒட்டி நிற்கிறது. பாஸ்வேர்டு வெளியாகாதபோது அதை மாற்றச் சொன்னால், வாடிக்கையாளர் அதைச் செய்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடுவார். உண்மையான ஆபத்து கூரியர் பெயரில் வரும் போன்.

அறிவிப்பில் எந்த லிங்கும் இல்லாததற்கும் காரணம் உண்டு. 2017இல் அமெரிக்காவின் ஈக்விஃபேக்ஸ் நிறுவனத்திலிருந்து சுமார் 14.7 கோடிப் பேரின் விவரங்கள் திருடப்பட்டன. நிறுவனம் அதற்கென்றே புதிய இணையதளம் ஒன்றைத் தொடங்கியது. அதே சாயலில் பெயர் வைத்து, ஆபத்தை உணர்த்த ஒருவர் போலித் தளம் உருவாக்கினார். நிறுவனத்தின் ட்விட்டர் கணக்கே வாடிக்கையாளர்களைத் தவறுதலாக அந்தப் போலித் தளத்துக்கு அனுப்பியது! பழைய பில்லில் இருக்கும் எண்ணை இடையில் யாரும் மாற்ற முடியாது.

சட்டமும் இதே திசையில்தான் போகிறது. 2025இல் வெளியான இந்தியத் தரவுப் பாதுகாப்பு விதிகள், என்ன நடந்தது, அதனால் என்ன பாதிப்பு வரலாம், நிறுவனம் என்ன செய்தது, வாடிக்கையாளர் என்ன செய்ய வேண்டும், யாரைக் கேட்பது ஆகியவற்றை எளிய மொழியில், தாமதமின்றித் தெரிவிக்கச் சொல்கின்றன. இந்தக் கடமை 2027இல் நடைமுறைக்கு வருகிறது. மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்கு 6 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும் என்ற ஆணையோ 2022 முதலே இருக்கிறது; அந்த ஞாயிறு இரவே கடை அதற்கும் எழுதியாக வேண்டும்.

அறிவிப்பு வெளியாகும் முன்பே, அதன் பிரதி பில்லில் உள்ள எண்ணை எடுத்துப் பேசும் ஊழியர் கையில் இருக்க வேண்டும். “கார்டு நம்பரும் போச்சாமே?” என்று கேட்கும் வாடிக்கையாளருக்கு, எழுத்தில் உள்ள அதே பதிலை அவர் சொல்ல வேண்டும். பின்னர் புதிதாக ஏதாவது தெரியவந்தால், பழைய அறிவிப்பைச் சத்தமில்லாமல் திருத்தக் கூடாது. தேதி போட்டு இரண்டாவது அறிவிப்பு அனுப்ப வேண்டும்.