உஷார்! சுத்தியல் தட்டும் விலை கட்டும் விலை அல்ல

பதுளை, பசறை, அப்புத்தளைப் பக்கமிருந்து இணையத்தில் இங்கிலாந்து ஏலங்களைப் பார்க்கும் நம் பிள்ளைகள் பெருகிவருகிறார்கள். அவர்களுக்கு அவசரமாக ஒன்று சொல்ல வேண்டும். திரையில் ஓடும் எண்ணை நம்பிக் கேள்வி கேட்காதீர்கள். சுத்தியல் விழுந்த பிறகு அந்த எண் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வீங்கும். நான் பட்ட பிறகுதான் இதை எழுதுகிறேன்.

எனக்கு ஆசை காட்டியது ஒரு பழைய படத் தொகுப்பு. 1870களிலும் 1880களிலும் ஸ்கீன், ஸ்கோவன் போன்ற படப்பிடிப்பு நிறுவனத்தார் இலங்கைத் தோட்டங்களைப் படம்பிடித்தார்கள். துரைமார் அவற்றை ஊருக்குக் கொண்டுபோனார்கள். இன்று பேரப்பிள்ளைகள் வீட்டைக் காலிசெய்யும்போது அவை சிறு நகர ஏலக்கூடங்களுக்கு வருகின்றன. என் கண்ணில் பட்ட தொகுப்பில் 24 படங்கள். ஒன்றில் கொழுந்துக் கூடையோடு நாலு பெண்கள், ஓரத்தில் குடை பிடித்த கங்காணி. பெயர் எதுவும் எழுதப்படவில்லை. ஆனாலும் அந்த முகங்களில் என் அப்பாயியைப் பார்த்தேன். மதிப்பீடு 200 முதல் 300 பவுண் என்று போட்டிருந்தது. 400 பவுண்தான் என் கையிருப்பின் எல்லை. கேட்டேன், சரியாக 400க்குச் சுத்தியல் விழுந்தது. மறுநாள் மின்னஞ்சலில் வந்த பட்டியலில் 543 பவுண் 76 பென்ஸ் என்றிருந்தது.

ஏமாற்று என்றுதான் முதலில் நினைத்தேன். உட்கார்ந்து கூட்டிப் பார்த்தால் ஒவ்வொரு வரியும் அவர்களுடைய நிபந்தனைப் பக்கத்தில் இருக்கிறது. நான்தான் படிக்கவில்லை.

சுத்தியல் விலை 400. அதன்மேல் வாங்குவோர் கட்டணம் நூற்றுக்கு 25 வீதம், அது 100 பவுண். அந்த 100க்கு இங்கிலாந்தின் வற் வரி 20 வீதம், அது 20 பவுண். நான் ஏலக்கூடத்தின் சொந்தப் பக்கத்தில் கேட்காமல், பல கூடங்களை ஒன்றாகக் காட்டும் ஒரு தளத்தில் கேட்டேன். அதற்குத் தனிக் கட்டணம் சுத்தியல் விலையில் 4.95 வீதம், அது 19 பவுண் 80. அதற்கும் வற் 3 பவுண் 96. எல்லாம் கூட்டினால் 543.76. அனுப்பும் செலவு இதில் ஒரு சதமும் சேரவில்லை.

நாம் ஏமாறுவதற்கு ஒரு காரணம் உண்டு. நமக்குத் தெரிந்த ஏலம் வேறு. வங்கி காணி விற்கும் ஏல அறிவித்தலைப் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். சுத்தியல் விழுந்ததும் முற்பணம், உள்ளூராட்சி சபைக்கு 1 வீத வரி, ஏலக்காரருக்கு 2.5 வீதத் தரகு, விளம்பரச் செலவு, கூறுபவர் கூலி என்று அறிவித்தலிலேயே வரிசையாக அச்சிட்டிருக்கும். தரகு என்றால் இரண்டரை என்பது நம் மனதில் பதிந்த கணக்கு. அங்கே அது பத்து மடங்கு. லண்டனில் பெரிய இரு ஏல நிறுவனங்களான கிறிஸ்டீஸும் சோதபீஸும் 1975இல் வாங்குவோர் தலையில் இந்தக் கட்டணத்தை ஏற்றியபோது அது 10 வீதம்தான். அது அங்கேயே நிற்கவில்லை, பிறகு ஏறிக்கொண்டே போனது. சோதபீஸ் 2024 மே மாதம் கீழ்த்தட்டு விலைகளுக்கு 20 வீதமாகக் குறைத்தது. 2025 பெப்ரவரியில் 27 வீதமாக ஏற்றியது. ஆகவே போன வருடம் யாரோ சொன்ன வீதத்தை வைத்து இந்த வருடம் கேட்காதீர்கள். அந்தந்த ஏலத்தின் நிபந்தனைப் பக்கத்தை அன்றன்று திறந்து பாருங்கள்.

இதைவிடப் பெரிய பள்ளம் ஒன்றிருக்கிறது. நான் மயிரிழையில் தப்பினேன். பட்டியலில் பொருளின் எண்ணுக்குப் பக்கத்தில் சில வேளை ஒரு சின்னக் குறி இருக்கும். குறி இல்லையென்றால் பெரும்பாலும் வற் வரி கட்டணத்துக்கு மட்டும்தான். குத்துவாள் போன்ற † குறி இருந்தால் சுத்தியல் விலைக்கும் 20 வீதம் வற் உண்டு. என் தொகுப்புக்கு அந்தக் குறி இருந்திருந்தால் இன்னொரு 80 பவுண் ஏறி 623.76 ஆகியிருக்கும். நட்சத்திரக் குறி * இருந்தால், வெளிநாட்டிலிருந்து விற்பனைக்காகக் கொண்டுவந்த பொருள் என்று அர்த்தம். அதற்குச் சுத்தியல் விலையில் 5 வீதம் இறக்குமதி வரி, என் கணக்கில் 20 பவுண். குறிகளின் பொருள் கூடத்துக்குக் கூடம் சற்று மாறலாம். விளக்கம் அதே நிபந்தனைப் பக்கத்தில் இருக்கும்.

பொருள் இங்கிலாந்தை விட்டு வெளியேறுகிறது என்று அத்தாட்சி காட்டினால் இந்த வற்றில் ஒரு பகுதியைச் சில கூடங்கள் திருப்பித் தரும். ஆனால் பொதுவாக மூன்று மாதத்துக்குள் ஏற்றுமதியாகியிருக்க வேண்டும், முறையான கடதாசியும் வேண்டும். லண்டனில் இருக்கும் மச்சான் பையில் போட்டுக் கொண்டுவந்தால் அந்த அத்தாட்சி கிடைக்காமல் போகலாம். திருப்பித் தருவீர்களா, எப்படி என்று ஏலத்துக்கு முன்பே எழுத்தில் கேட்டு வையுங்கள்.

கட்டாமல் விட்டுவிடலாம் என்றும் எண்ணாதீர்கள். சுத்தியல் விழுந்தால் அது ஒப்பந்தம். சில நாள் தவணைதான். தவறினால் வட்டியும் வைப்புக் கூலியும் ஏறும். திரும்ப ஏலம் போட்டு விலை குறைந்தால் அந்தக் குறையையும் உங்களிடம் கேட்கலாம். நான் சீட்டுக் காசை எடுத்துத்தான் கட்டினேன்.

பொருள் கொழும்பு வந்தால் நம் சுங்கம் நிற்கிறது. அங்கே பார்ப்பது 400ஐ அல்ல. கட்டணத்தோடு நீங்கள் கொடுத்த விலை, அதன்மேல் அனுப்பு கூலி, காப்புறுதி. வரிக்கு உட்பட்டதென்று வகைப்படுத்தினால் நம் நாட்டு வற் 18 வீதம் அந்தக் கூட்டுத் தொகையை அடிப்படையாக வைத்துத்தான் கணிக்கப்படும். நூறு வருடம் கடந்த தொல்பொருளுக்குச் சுங்கப் பட்டியலில் 97.06 என்று தனித் தலைப்பு உண்டு. உங்கள் பொருள் அதில் சேருமா, சாதாரண அச்சுப் படமாகக் கணிக்கப்படுமா என்பதைக் கேள்வி கேட்பதற்கு முன்பே ஒரு சுங்க முகவரிடம் விசாரியுங்கள். ஏலக்கூடத்தின் பட்டியலில் பொருளின் காலம் எழுதப்பட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் எழுதித் தரச் சொல்லுங்கள்.

இனி, தப்பும் வழி. கையிலுள்ள பணத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். முதலில் அனுப்பு கூலியையும் சுங்கத்தையும் ஒதுக்கி வையுங்கள். மிச்சம் 400 பவுண் என்றால், நான் சொன்ன வீதங்களில் அதை 1.36ஆல் வகுக்க வேண்டும். வருவது 294. கேள்வி இருபது இருபதாக ஏறும் ஏலத்தில் 280தான் உங்கள் கடைசிப் படி. † குறி இருந்தால் 1.56ஆல் வகுக்க வேண்டும். அப்போது 256தான் வரும், 240இலேயே நிற்க வேண்டும். அந்தத் தளக் கட்டணத்தைத் தவிர்க்கவும் வழி உண்டு. உங்கள் உச்ச விலையை ஏலக்கூடத்துக்கே நேரடியாக எழுதிக் கொடுத்துவிட்டால் அந்த 4.95 வீதம் பெரும்பாலும் விழாது. எனக்கு அது 23 பவுண் 76 மிச்சமாகியிருக்கும்.

போன மாதம் அதே கூடத்தில் இன்னொரு தொகுப்பு வந்தது. ஊவாப் பக்கத் தோட்டமென்று எழுதியிருந்தது. நாட்காட்டித் தாளின் பின்புறம் 280 என்று பென்சிலால் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டு உட்கார்ந்தேன். கேள்வி 300க்கு ஏறியது. நெஞ்சு வலித்தது, ஆனாலும் கையை எடுத்துக்கொண்டேன்.