புதியவர் வருகிறார், குரூப்பில் என்ன போடுவது?

'நம் டீமில் இன்று முதல் கவிதா இணைகிறார், வரவேற்போம்' என்று அலுவலக வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வரி விழும். வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகள். அதற்குள் யாராவது ஒருவர் பக்கத்து மேசையில் கேட்டுவிடுவார்: "இவங்க எதுக்கு? என் வேலைக்கா?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்தச் செய்தி. வரவேற்பு புதியவருக்கு என்றாலும், தகவல் பழையவர்களுக்கு. பத்துப் பேர் வேலை செய்யும் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தை வைத்து எழுதிப் பார்ப்போம்:

'எல்லோருக்கும் வணக்கம். ஜூன் 2, திங்கட்கிழமை முதல் கவிதா நம்மோடு அக்கவுண்டன்டாகச் சேர்கிறார். மருந்துக் கடை வாடிக்கையாளர்களின் ஜிஎஸ்டி வேலையை இவர் பார்ப்பார். மே மாத ரிட்டர்னை செல்வம் அண்ணனே முடிப்பார். ஜூன் கணக்கிலிருந்து கவிதா. அண்ணன் இனி வருமான வரி வேலையைக் கவனிப்பார். கவிதா இதற்கு முன் மருந்து மொத்த வியாபாரத்தில் பில்லிங் பார்த்தவர். முதல் வாரம் மீனா கூட இருந்து சொல்லிக்கொடுப்பார். திங்கள் காலை பதினொரு மணி டீக்கு எல்லோரும் சந்திப்போம். வாங்க கவிதா, நீங்கள் வருவதில் எங்களுக்கு ரொம்ப சந்தோஷம்.'

இதில் உயிரான வரி, மே யாருக்கு, ஜூன் யாருக்கு என்பதுதான். மாதந்தோறும் கணக்குக் கொடுக்கும் கடைகளுக்கு மே மாத விற்பனை விவரத்தை ஜூன் 11க்குள் ஜிஎஸ்டிஆர்-1இல் ஏற்றியாக வேண்டும். இரண்டாம் தேதி வருகிறவர் தலையில் அதைக் கட்டினால் தாமதக் கட்டணத்தில் போய் நிற்கும். சொல்லாமல் விட்டாலோ, அவர் பார்ப்பார் என்று இவரும், இவர் பார்ப்பார் என்று அவரும் இருந்துவிடுவார்கள். பதவியின் பெயர் மட்டும் இதையெல்லாம் சொல்லாது.

செல்வத்திடம் முதலாளி முதலில் நேரில் பேசிவிட வேண்டும். தன் வேலை கைமாறுவதைக் குரூப்பில் படித்துத் தெரிந்துகொள்பவர், புதியவருக்கு மனசாரக் கற்றுத்தர மாட்டார்.

கவிதாவிடமும் கேட்க வேண்டியவை உண்டு. பழைய இடத்தில் ரிலீவிங் முடிந்துவிட்டதா? முடியும் முன் செய்தி வெளியே கசிந்தால் அவருக்குத்தான் தர்மசங்கடம். குரூப்பில் சேர்த்தால் அவர் செல்போன் எண் எல்லோர் கண்ணிலும் படும், அதற்குச் சம்மதமா? எழுதியதை அவரிடம் ஒருமுறை காட்டிவிடுவதும் நல்லது. வயது, கல்யாணம், சொந்த ஊர் எல்லாம் அவர் விரும்பினால் சொல்லிக்கொள்ளட்டும். 'பில்லிங் புலி' மாதிரியான பட்டமும் வேண்டாம். முதல் நாளே அதைக் காப்பாற்றும் பாரம் அவர் மேல் ஏறிவிடும்.

வெள்ளிக்கிழமை மதியம் அனுப்புங்கள். திங்கள் காலைக்குள் மேசை, கம்ப்யூட்டர், டேலி பாஸ்வேர்டு மூன்றும் தயாரா என்று பார்க்க அன்று சாயங்காலம் வரை நேரம் இருக்கும்.