முதல் வணக்கம் யாருக்கு?

இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அறிவிப்பாளர் கே.எஸ். ராஜாவின் வணக்கம் இன்றும் காதில் இருக்கும். வீட்டுக்கு வீடு வானொலிப் பெட்டியருகே ஆவலோடு குழுமியிருக்கும் அன்புள்ளங்களைத்தான் அவர் முதலில் அழைப்பார். தன் பெயரைச் சொல்வது அதற்கப்புறம்தான். மூச்சுவிடாமல் பாய்கிற அந்தப் பேச்சில் இந்த வரிசை மட்டும் மாறாது. ஒலிப்பதிவுக் கூடத்தில் அவருக்கு எதிரே ஒருவரும் இல்லை. ஆனாலும் கேட்பவர் எங்கே, எந்த நிலையில் உட்கார்ந்திருக்கிறார் என்று முதலில் சொல்லிவிட்டார். ‘இது நமக்குத்தான்’ என்று கடலுக்கு இப்பால் தமிழ்நாட்டில் இருந்தவர்களும் நிமிர்ந்து உட்கார்ந்தது அதனால்தான்.

அரூர் பக்கம் தீர்த்தமலையில் மாசி மகத்துக்குக் கூடுகிற மாதிரிக் கூட்டத்தின் முன்னால் மைக் பிடிப்பவருக்கும் இந்த வரிசை பொருந்தும். ராஜாவின் வேகம்தான் பொருந்தாது. வானொலியில் குரல் நேராகக் காதுக்குப் போகிறது. மலையடிவாரத்தில் அப்படி இல்லை. ஒலி ஒரு நொடியில் ஏறக்குறைய 340 மீட்டர்தான் ஓடும். நூறு மீட்டர் தள்ளி, தேர் வீதியில் கட்டிய ஸ்பீக்கர் பக்கத்தில் நிற்பவருக்கு அந்த ஸ்பீக்கரின் குரல் உடனே கேட்கும். மேடைப் பக்கத்துக் குரலோ கால் நொடிக்கு மேல் பிந்தி வந்து அதன்மேல் விழும். பாறைச்சரிவு 170 மீட்டரில் இருந்தால், சொன்ன சொல் ஒரு நொடி கழித்துத் திரும்பி வரும். வேகமாகப் பேசினால் ‘பெரியோர்களே தாய்மார்களே’ என்பது வெறும் இரைச்சலாகிவிடும். பின்வரிசைக்காரர் பக்கத்தில் இருப்பவரிடம் ‘என்ன சொல்றாரு?’ என்று கேட்க ஆரம்பித்தால், சொல் போய்ச் சேரவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். அப்போது மைக் செட்காரரிடம் சத்தத்தைக் கூட்டச் சொல்லிப் பயனில்லை. எதிரொலியும் சேர்ந்தே கூடும்.

மேளச் சத்தம் முழுசாக அடங்கும்வரை முதலில் பொறுத்திருக்க வேண்டும். பிறகு இப்படித் தொடங்கலாம்: “மலையேறித் தீர்த்தமாடி இறங்கி வந்திருக்கிற பெரியவங்களே…” என்று சொல்லி நிறுத்தி, அது திரும்பி வந்து அடங்கியபின் “அரூரிலிருந்தும் கோட்டப்பட்டியிலிருந்தும் வந்திருக்கிற அக்கா, தங்கச்சிங்களே…” மறுபடி ஒரு நிறுத்தம். கடைசியில், “எல்லாருக்கும் வணக்கம்.” மூன்றே துண்டு. ஊர்ப் பெயர் காதில் விழுந்ததும் அந்த ஊர்க்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள், பேச்சு நிற்கும். தன் பெயரைத் தொகுப்பாளர் அதன் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

இதைக் கெடுப்பது விழாக் குழு கையில் திணிக்கிற பெயர்ப் பட்டியல். பதவியும் பட்டமுமாக இருபது பேரை வரவேற்று முடிப்பதற்குள் குழந்தைகள் அழத் தொடங்கிவிடும், கூட்டம் கலையும். பிரமுகர்களுக்கு உரிய மரியாதையை வரவேற்புரையில் செய்யலாமே. விழாக் குழுப் பெரியவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: அந்தப் பட்டியலை வரவேற்புரை ஆற்றுபவரிடம் கொடுங்கள். முதல் வணக்கத்தைத் தரையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு விட்டுவிடுங்கள்.