மாறாத சைட்டோசினை நம்பலாமா?

டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் ஒன்று சைட்டோசின். சில இடங்களில் அதன்மேல் மீத்தைல் என்ற சிறிய வேதித் தொகுதி ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு ஜீன் வேலை செய்வதா, அடங்கியிருப்பதா என்பதில் இதற்குப் பங்கு உண்டு. ஆனால் வழக்கமான டிஎன்ஏ வாசிப்பில் மீத்தைல் உள்ள சைட்டோசினும் இல்லாததும் 'சி' என்றே தெரியும். போதாக்குறைக்கு, வாசிப்பதற்காக பிசிஆரில் பிரதி எடுத்தால் மீத்தைல் பிரதிகளில் வராமல் போய்விடும்.

இதற்கான வழியை 1992இல் ஆஸ்திரேலியாவில் மரியான் ஃப்ரோமரும் சக ஆய்வாளர்களும் காட்டினார்கள். சோடியம் பைசல்ஃபைட் சைட்டோசினை யுராசிலாக மாற்றும் என்பது 1970லேயே தெரிந்த வேதியியல். மீத்தைல் உள்ள சைட்டோசின் மட்டும் பெரும்பாலும் அதற்கு அசைந்துகொடுக்காது. யுராசிலை பிசிஆர் 'டி' என்று பிரதி எடுக்கும். ஆக, வாசிப்பில் 'டி' என மாறியவை மீத்தைல் இல்லாதவை, 'சி' என நின்றவை மீத்தைல் உள்ளவை. ஒட்டியிருந்த அடையாளம் எழுத்தாகவே பதிவாகிவிடுவதால் அதன்பின் எத்தனை பிரதி எடுத்தாலும் அழியாது.

சிக்கலும் இங்கேதான். 'சி' மாறாமல் நிற்க இரண்டு காரணங்கள் இருக்கலாம். மீத்தைல் காத்திருக்கலாம், அல்லது பைசல்ஃபைட் அதைத் தொடாமலே விட்டிருக்கலாம். வாசிப்பில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். மனித மரபணுத் தொகுதியில் இரண்டு இழைகளிலும் சேர்த்துச் சுமார் 120 கோடி சைட்டோசின்கள். மீத்தைல் பெரும்பாலும் 'சிஜி' என்று அடுத்தடுத்து வரும் ஐந்தரைக் கோடிச் சொச்சம் இடங்களில்தான் இருக்கும். மற்ற இடங்களில் நூற்றில் ஒன்று மாறத் தவறினாலும் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பொய் மீத்தைல்கள் முளைத்துவிடும்.

எனவே மாதிரியோடு லாம்டா என்ற பாக்டீரியா வைரஸின் டிஎன்ஏவையும் மிகச் சிறிதளவு, பெரும்பாலும் ஒரு சதவீதத்துக்குள், கலந்து அதே குழாயில் வினைக்கு உட்படுத்துகிறார்கள். அதன் 48,502 எழுத்துகளும் நமக்குத் தெரியும். மீத்தைல் சேர்க்கும் நொதிகள் இல்லாத ஈகோலை வகையில் வளர்த்ததால் அதில் மீத்தைல் கிடையாது. எனவே அதில் 'சி' என்று மிஞ்சுவது ஏறக்குறைய முழுவதும் வினையின் தவறுதான். லாம்டாவின் சைட்டோசின் இடங்கள் மொத்தம் 4,00,000 முறை வாசிக்கப்பட்டு, 2,000 முறை 'சி' என வந்ததாக வைத்துக்கொள்வோம். தவறியது 0.5 சதவீதம், மாற்றத்திறன் 99.5 சதவீதம். 99க்குக் கீழே போனால் பலரும் அந்த மாதிரியைச் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். எதிர்த்திசைச் சோதனையும் உண்டு: முழுக்க மீத்தைல் ஏற்றிய டிஎன்ஏவைக் கலந்து, காக்கப்பட வேண்டியவை எவ்வளவு தவறுதலாக மாறின என்று எண்ணுவது. வினையை அதிக நேரம் நீட்டினால் இந்தத் தவறு கூடும், டிஎன்ஏவும் துண்டு துண்டாகச் சிதையும்.

லாம்டா தேறிவிட்டது என்பதற்காக மாதிரியும் தேறிவிட்டது என்று எடுத்துக்கொள்ள முடியாது. மைட்டோகாண்ட்ரியா விவகாரம் இதைத் தெளிவாகக் காட்டுகிறது. அதன் டிஎன்ஏ 16,569 எழுத்துகள் கொண்ட வளையம், முறுக்கிச் சுருண்டு கிடப்பது. பைசல்ஃபைட்டோ ஒற்றை இழையாகப் பிரிந்த இடத்தில் மட்டுமே வேலை செய்யும். அதனால்தான் முதலில் வெப்பத்தாலோ காரத்தாலோ இரு இழைகளைப் பிரிக்கிறார்கள். நீண்ட நேரான லாம்டா எளிதாகப் பிரிந்துவிடும். வளையத்தின் இழைகளோ ஒன்றையொன்று சுற்றியே இருப்பதால் மீண்டும் சேர்ந்துகொள்ளும். சேர்ந்த இடங்களில் சைட்டோசின் தப்பிக்கும், மீத்தைல் இருப்பதுபோல் தெரியும். 2016, 2017ஆம் ஆண்டுகளில் வெளிவந்த ஆய்வுகள், பாம்ஹெச்ஒன் என்ற நொதியால் வளையத்தை ஒரே இடத்தில் வெட்டி நேராக்கிவிட்டு அளந்தன. முன்பு தெரிந்த 'மீத்தைல்' பெருமளவு காணாமல் போனது. மைட்டோகாண்ட்ரியாவில் மீத்தைல் இருப்பதாகச் சொல்லும் எந்தக் கட்டுரையிலும், வளையத்தை வெட்டினார்களா என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

இன்னொரு தடயமும் உண்டு. சராசரியை விட்டுவிட்டு, ஒவ்வொரு வாசிப்பாகப் பார்க்க வேண்டும். தவறுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறியிருந்தால் வினை சற்றுக் குறைவாக நடந்திருக்கிறது. ஒரே வாசிப்பில் 20 சைட்டோசின்களும் மாறாமல் நின்றால் அந்த மூலக்கூறு பிரியவே இல்லை என்று சந்தேகிக்கலாம். சிஜி அல்லாத இடங்களில் சில 'சி'க்களுக்கு மேல் மிஞ்சிய வாசிப்புகளைப் பலர் அப்படியே நீக்கிவிடுகிறார்கள். ரத்த மாதிரிக்கு அது சரி. மூளையின் நரம்பணுக்களில் சிஜி அல்லாத இடங்களிலும் உண்மையாகவே மீத்தைல் சேர்கிறது. அங்கே இதே வடிகட்டல், தேடி வந்த மூலக்கூறுகளையே வெளியேற்றிவிடும்.